சார்பிட்ரேட் கொடுப்பதற்கு முன்

நம் ஊர்களில் நெஞ்சுவலி என்று யாராவது உட்கார்ந்துவிட்டால், பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வந்துவிடும். ஏற்கனவே இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் ஒருவர் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். அவர் சட்டைப்பையில் சார்பிட்ரேட் இருக்கும். “நாக்குக்கு அடியில வை, சரியாயிடும்” என்று நல்லெண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் பளுவைக் குறைக்கும் நல்ல மருந்துதான் அது. ஆனால் மாரடைப்பில் ஒரு வகை உண்டு. அந்த வகையில் இதே மாத்திரை சில நிமிடங்களில் இரத்த அழுத்தத்தைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். எந்த வகை என்பது வெளியே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் முதல் வாய்ப்பு, பெரும்பாலும் அவசரப் பிரிவின் வாசலில் நோயாளியைக் கட்டிலில் ஏற்றும் செவிலியருக்குத்தான் கிடைக்கிறது.

மாரடைப்புக்குப் பிந்தைய செவிலியப் பராமரிப்பை நர்சிங் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கு அது வந்தவர்கள் கட்டிலருகே நின்று பார்க்கிறார்கள். இரு சாராருக்குமாக ஒரு நோயாளியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் வாசலில் நுழைந்ததிலிருந்து வீடு திரும்பும் வரை கூடவே போய்ப் பார்ப்போம். அவர் கற்பனை மனிதர். ஆனால் அவருக்கு நடப்பவை எல்லாம் எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் நடப்பவை.

வயது 56. பல்லடம் பக்கம் சொந்தமாக நான்கு விசைத்தறி வைத்து ஓட்டுபவர். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, பீடிப் பழக்கமும் உண்டு. காலை ஐந்தரை மணிக்கு நெஞ்சில் ஏதோ அடைப்பதுபோல் இருந்திருக்கிறது. சோடா குடித்தார், ஓமம் மென்றார். வாந்தி எடுத்தார். ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மனைவியும் தம்பி மகனும் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். மனைவி கையில் சார்பிட்ரேட் அட்டை.

“வலி எப்படி இருக்குதுங்க அய்யா?” என்று செவிலியர் கேட்கிறார்.

“வலியெல்லாம் இல்லீங்க சிஸ்டர். கேஸ் ட்ரபிள்தான். பாறாங்கல்லைத் தூக்கி வெச்சாப்பல இருக்குது.”

இந்தப் பதிலில் ‘வலி இல்லை’ என்பதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும் மாணவரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதயத் தசைக்கு இரத்தம் நின்றுபோகும்போது வரும் உணர்வைப் பலர் வலி என்றே சொல்வதில்லை. அழுத்தம், இறுக்கம், எரிச்சல், மூச்சு முட்டல் என்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வெறும் களைப்பு, வியர்வை, குமட்டல் மட்டும் வந்து போவதும் உண்டு. அதனால் ‘வலிக்கிறதா’ என்று கேட்பதைவிட, ‘நெஞ்சில் என்ன தெரிகிறது’ என்று கேட்டால் பதில் கிடைக்கும். எங்கே என்று கேட்டபோது இவர் ஒற்றை விரலால் ஓரிடத்தைக் காட்டவில்லை. மூடிய கையை நடு நெஞ்சில் வைத்தார். தாடைக்கும் இடது தோளுக்கும் பரவுகிறது என்றார். பத்துக்கு எவ்வளவு என்றால் எட்டு. மூச்சை இழுத்தாலோ, திரும்பிப் படுத்தாலோ, அழுத்திப் பார்த்தாலோ கூடவோ குறையவோ இல்லை.

கேள்விகளில் மிக முக்கியமானது, ‘எப்போது ஆரம்பித்தது’ என்பது. கட்டியைக் கரைக்கும் மருந்து பலன் தருவது அறிகுறி தொடங்கிய பன்னிரண்டு மணி நேரத்துக்குள்தான். அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் கொடுத்தால் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது. “காலையிலிருந்து” என்ற பதிலை ஏற்கக் கூடாது. “தறி போடுறதுக்கு முன்னாலயா, அப்புறமா?” என்று கேட்டால் ஐந்தரை மணி வெளியே வரும். அந்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவைக்க வேண்டும். பிறகு வரும் ஒவ்வொரு முடிவும் அந்த எண்ணிலிருந்துதான் கணக்கிடப்படும்.

பேசிக்கொண்டே கை வேலை செய்கிறது. இதய மின்வரைபடமான ஈசிஜி, நோயாளி வந்து பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டு மருத்துவர் கண்ணில் பட்டாக வேண்டும். பெயர்ப் பதிவு, சீட்டு, பணம் எல்லாம் அதற்குப் பிறகு. ட்ரோபோனின் இரத்தப் பரிசோதனை முடிவுக்காகவும் காத்திருக்கக் கூடாது. மாரடைப்பு தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் அது இயல்பாகவே இருக்கலாம். வரைபடத்தில் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் ஆகிய மூன்று லீடுகளிலும் எஸ்டி பகுதி மேலே தூக்கியிருக்கிறது. இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு. இரண்டாம் லீடைவிட மூன்றாம் லீடில் தூக்கல் அதிகம். வலது கொரோனரித் தமனி அடைபட்டிருக்கும் என்பதற்கான குறிப்பு அது.

இங்கேதான் கையில் அட்டையோடு நிற்கும் மனைவி கேட்கிறார்: “பக்கத்து வூட்டு அண்ணன் குடுத்தாருங்க. வெச்சுரட்டுங்களா?”

“கொஞ்சம் பொறுங்க அம்மா. ஒரே ஒரு படம் இன்னும் எடுக்கணும்.”

அடிச்சுவர் மாரடைப்பு வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப்பேர் வரை வலது கீழறையும் சேர்ந்து பாதிக்கப்படுகிறது. வழக்கமான பன்னிரண்டு லீடு ஈசிஜி வலது அறையைச் சரியாகப் பார்ப்பதில்லை. அதற்கு எளிய வழி இருக்கிறது. இடப்பக்கம் நான்காவதாக ஒட்டிய வி4 மின்முனையைக் கழற்றி, வலப்பக்கம் அதே இடத்தில், அதாவது ஐந்தாவது விலா இடைவெளியில் காறை எலும்பின் நடுவுக்கு நேர்கீழே ஒட்டி மீண்டும் ஓட்ட வேண்டும். காகிதத்தில் வி4 என்று அச்சாகும் இடத்தில் ‘வலது’ என்று பேனாவால் எழுதிவிட வேண்டும். எழுத மறந்தால் பிறகு பார்ப்பவர் குழம்பிப்போவார். ஒரு நிமிட வேலைதான். இவருக்கு அங்கேயும் எஸ்டி தூக்கியிருக்கிறது.

வலது கீழறை பலவீனமானால் அது தானாக அழுத்தித் தள்ளும் திறனை இழக்கிறது. உள்ளே வந்து சேரும் இரத்தத்தின் அளவை நம்பித்தான் ஓடுகிறது. சார்பிட்ரேட் சிரைகளைத் தளர்த்தியதும் இரத்தம் உடம்பின் கீழ்ப்பகுதியிலேயே தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிட்டால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் குழாயில் தண்ணீர் வராதல்லவா, அந்த நிலைதான். நுரையீரலுக்கு இரத்தம் போகவில்லை. அதனால் இடது அறைக்கும் வரவில்லை. அழுத்தம் சரிந்து நோயாளி மயங்குகிறார்.

ஈசிஜி இல்லாமலே செவிலியர் இதைச் சந்தேகிக்க மூன்று தடயங்கள் உண்டு. இரத்த அழுத்தம் குறைவு. கழுத்துச் சிரைகள் புடைத்திருக்கின்றன. ஆனாலும் ஸ்டெதஸ்கோப்பில் நுரையீரல் சுத்தமாகக் கேட்கிறது. இவருக்கு அழுத்தம் 100/70, நாடி 52. கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தியும் கழுத்து நரம்பு தெரிகிறது. மூன்றும் பொருந்துகின்றன.

இன்னொரு கேள்வியும் மிச்சமிருக்கிறது. ஆண்மைக்கான மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா என்பது அது. சில்டனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்குள்ளோ, டடலாஃபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்குள்ளோ நைட்ரேட் வகை மருந்து எதுவும் தரக் கூடாது. வலது அறை நன்றாக இருந்தாலும் தரக் கூடாது. மனைவியையும் தம்பி மகனையும் அருகில் வைத்துக்கொண்டு கேட்டால் உண்மை வராது. “சீட்டு வாங்கிட்டு வந்துருங்க” என்று அவர்களை அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி, இந்த மருந்தைத் தருவதற்காகத்தான் கேட்கிறேன் என்று காரணத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும். கூச்சப்பட்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப்போகும் இளம் செவிலியர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தக் கூச்சத்தைப் போக்கும்படி வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்காதவர்கள் மேல்தான் வருகிறது.

சார்பிட்ரேட் இல்லையென்றால் வேறு என்ன கொடுப்பது? முதலில் ஆஸ்பிரின். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதற்கான மாத்திரைகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் இரண்டு, 75 மில்லிகிராம் குளோபிடோக்ரெல் நான்கு, 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு என மொத்தம் பதினான்கு. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்ல வேண்டும். முழுதாக விழுங்கினால் இரத்தத்தில் சேர நேரமாகும். வாந்தி எடுத்தவர் என்பதால், கொடுத்த பிறகு மறுபடி வாந்தி வருகிறதா, மாத்திரை வெளியே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆக்சிஜன் முகமூடியை உடனே மாட்டச் சொல்லி உறவினர்கள் கேட்பார்கள். இவருக்கு விரலில் மாட்டிய கருவி 97 காட்டுகிறது. 90-க்குக் கீழே போகாதவர்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பதால் உயிர் காக்கும் பலன் ஏதும் இல்லை என்று சுவீடனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வு காட்டிவிட்டது. முகமூடி போடாததற்கான காரணத்தை இரண்டு வாக்கியத்தில் உறவினருக்குச் சொல்லிவிட்டால் போதும், சண்டை வராது.

கேத் லேப் வசதி இந்த மருத்துவமனையில் இல்லை. கோவைக்கு அனுப்பி, அங்கே ஆள் சேர்ந்து குழாயைத் திறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், இங்கேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு அனுப்புவது என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இப்படி இணைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் நூற்றுக்கு 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக அது சொன்னது. வித்தியாசம் சின்ன எண்ணாகத் தெரியலாம். நூறு வீடுகளில் மூன்று வீடுகள் என்று நினைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது.

மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ். 15 லட்சம் யூனிட்டை 100 மில்லி நார்மல் சலைனில் கலந்து 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும். மெதுவாக உருட்டித்தான் கரைக்க வேண்டும். ஆனால் கலப்பதற்கு முன்பே செவிலியருக்கு வேலை இருக்கிறது. இந்த மருந்து இதயக் குழாயில் இருக்கும் கட்டியை மட்டும் கரைக்காது. உடம்பில் எங்கே புண் அடைத்திருக்கிறதோ அங்கெல்லாம் திறந்துவிடக்கூடியது. மூளையில் எப்போதாவது இரத்தம் கசிந்ததுண்டா, மூன்று மாதத்துக்குள் பக்கவாதமோ தலையில் பெரிய அடியோ உண்டா, மலம் கறுப்பாகப் போகிறதா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, இந்த மருந்தையே முன்பு எப்போதாவது ஏற்றியிருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைக்க வேண்டும்.

இரு கைகளிலும் அழுத்தம் பார்ப்பதும் இந்த நேரத்து வேலைதான். பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்தாலும் நெஞ்சு வலிக்கும். அந்த வலி கிழிப்பதுபோல் திடீரென்று உச்சத்தில் தொடங்கி முதுகுக்குப் போகும். இரு கைகளுக்கும் இடையே அழுத்தம் 20-க்கு மேல் வேறுபடலாம். அப்படிப்பட்டவருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்தால் உயிர் போய்விடும். இவருக்கு இரு கைகளிலும் ஒரே அளவுதான்.

பிறகு இரண்டு கைகளிலும் பெரிய ஊசிக்குழாய் போட்டு, தேவையான இரத்தத்தை அப்போதே எடுத்துவிட வேண்டும். மருந்து ஏறத் தொடங்கிய பிறகு எங்கே குத்தினாலும் கசியும். தசையில் ஊசி போடவே கூடாது. உதவி செய்யும் எண்ணத்தில் யாரோ வார்டில் போட்ட டைக்ளோஃபெனக் ஊசியால் இடுப்பில் கை அளவுக்கு இரத்தம் கட்டிப்போவது நடக்கும்.

ஏழு முப்பத்தைந்துக்கு மருந்து தொடங்குகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்கப்படுகிறது. ஏழு ஐம்பதுக்கு 80/50. நோயாளியின் முகம் வெளிறிக் கொட்டாவி விடுகிறார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் வேகமாக ஏறினால் அழுத்தம் இறங்குவது தெரிந்த விஷயம். இவருக்கு வலது அறையும் பலவீனம் என்பதால் இன்னும் எளிதில் இறங்கும். செவிலியர் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுகிறார், கால்களைத் தூக்கி வைக்கிறார், சொன்னபடி 250 மில்லி சலைனை வேகமாக விடுகிறார். நுரையீரலில் நீர் சேரும் ஒலி வருகிறதா என்று கேட்டுப் பார்க்கிறார். பத்து நிமிடத்தில் 98/64. மருந்து மெதுவான வேகத்தில் மறுபடி தொடங்குகிறது. இதை ஒவ்வாமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உடம்பெங்கும் தடிப்பு, மூச்சு இரைப்பு, உதடு வீக்கம் சேர்ந்திருந்தால் அது வேறு பிரச்சினை. அப்போது மருந்தை மறுபடி தொடங்க மாட்டார்கள்.

நாடி 52 என்பதையும் மறக்கக் கூடாது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டலைக் கடத்தும் கணுவுக்குப் பெரும்பாலானவர்களுக்கு வலது கொரோனரித் தமனியிலிருந்துதான் இரத்தம் போகிறது. அதனால் அடிச்சுவர் மாரடைப்பில் நாடி மெதுவாவதும், கடத்தல் தடைபடுவதும் அதிகம். அட்ரோபின் ஒரு மில்லிகிராம் ஊசியில் ஏற்றிப் பெயர் ஒட்டிக் கட்டிலருகே இருக்க வேண்டும். இதே காரணத்தால்தான், மாரடைப்புக்கு வழக்கமாகத் தரும் மெட்டோப்ரோலால் இவருக்கு முதல் நாள் தரப்படவில்லை. பின்னாட்களிலும் அதைக் கொடுக்கும் முன் நாடியையும் அழுத்தத்தையும் பார்த்தாக வேண்டும்.

எட்டு நாற்பதுக்கு மானிட்டர் அலறுகிறது. திரையில் அகலமான அலைகள், நிமிடத்துக்கு எழுபது. பார்த்த பயிற்சி மாணவிக்குக் கை நடுங்கியது என்றால் குறை சொல்ல முடியாது. உயிரைப் பறிக்கும் வென்ட்ரிகுலார் டாக்கிகார்டியாவும் அகலமான அலைகள்தான். அப்போது முதலில் பார்க்க வேண்டியது நோயாளியை. திரையை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும். பேசுகிறாரா? நாடி கிடைக்கிறதா? அழுத்தம் எவ்வளவு? இவர் “என்ன சிஸ்டர் சத்தம்?” என்று கேட்கிறார். அழுத்தம் 104. அடைபட்ட குழாய் திறந்து, பட்டினி கிடந்த தசைக்கு இரத்தம் திரும்பும்போது கீழறை தானே கொஞ்ச நேரம் தாளம் போடும். வேகம் பெரும்பாலும் 50-க்கும் 110-க்கும் இடையில் இருக்கும். சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். பட்டையை அச்செடுத்து நேரத்தை எழுதி மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்து கொடுத்து அடக்கத் தேவையில்லை. அதே அகல அலைகள் நிமிடத்துக்கு 160, 180 என்று ஓடினாலோ, ஒழுங்கற்ற நெளிவாக மாறி நோயாளி பேச்சை நிறுத்தினாலோ கதை வேறு. நாடி இல்லையென்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி, டிஃபிபிரிலேட்டரைச் சார்ஜ் செய்து அதிர்வு கொடுக்க வேண்டும். முதல் நாளில், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் இது அதிகம் வருகிறது. அதனால்தான் “ஒரு நிமிஷம் பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்” என்று ஒயர்களைக் கழற்றுபவரிடம் செவிலியர்கள் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள்.

நோயாளி பல் தேய்த்தால்கூடத் திரையில் பயங்கரமான அலைகள் வரும். ஒட்டிய மின்முனை வியர்வையில் தளர்ந்தாலும் வரும். நெஞ்சு முடியை மழித்து, தோலைத் துடைத்து உலரவிட்டு ஒட்டினால் பொய் அலாரம் பாதியாகக் குறையும். பொய் அலாரம் அதிகமானால் யாரோ ஒருவர் சத்தத்தை அணைத்துவிடுவார். உண்மையான அலாரமும் அதோடு அணைந்துபோகும்.

மருந்து தொடங்கித் தொண்ணூறு நிமிடம் ஆனபோது மறுபடி ஈசிஜி. எஸ்டி தூக்கல் பாதிக்கும் மேல் இறங்கியிருக்கிறது. எட்டாக இருந்த பாரம் இரண்டாகிவிட்டது. குழாய் திறந்திருக்கிறது என்று பொருள். இறங்காமல் இருந்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கோவைக்கு அனுப்பி உடனே ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வேண்டியிருக்கும். மருந்து வேலை செய்த இவருக்கும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வதுதான் முறை என்பதால் ஆம்புலன்ஸ் கிளம்புகிறது. கூடவே போகும் செவிலியரின் கண், இதயத்தோடு தலை மீதும் இருக்க வேண்டும். கட்டி கரைக்கும் மருந்து பெறுபவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு மூளைக்குள் இரத்தம் கசியலாம். புதிதாகத் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை தளர்தல், காரணமில்லாமல் அழுத்தம் ஏறுதல் எது வந்தாலும் மருந்து ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். மணிக்கு ஒருமுறை “எந்த ஊருங்க நீங்க?” என்று கேட்டுப் பதிலைக் கவனிப்பதும் ஒரு பரிசோதனைதான்.

மறுநாள் மணிக்கட்டு வழியாக ஸ்டென்ட் வைத்தாயிற்று. மணிக்கட்டுப் பட்டையின் கீழே விரல்கள் வெதுவெதுப்பாக, நிறம் மாறாமல் இருக்கின்றனவா, முன்கை வீங்குகிறதா என்று பார்ப்பதும், சிறுநீர் அளவை எழுதுவதும் நடக்கின்றன. மூன்றாம் நாள் நோயாளி எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார். இந்த நேரத்தில் வார்டில் கவனம் தளரும். ஆனால் செத்துப்போன தசை மிகவும் மென்மையாக இருப்பது முதல் வாரத்தில்தான். இதய வால்வைப் பிடித்து நிற்கும் தசை அறுந்தாலோ, இரு கீழறைகளுக்கும் நடுச்சுவரில் ஓட்டை விழுந்தாலோ திடீரென்று மூச்சுத் திணறலும், நேற்று இல்லாத ஒரு முணுமுணுப்பு ஒலியும் வரும். நேற்று எப்படிக் கேட்டது என்று தெரிந்தவருக்குத்தான் இன்று மாறியது தெரியும். எனவே ஒவ்வொரு ஷிஃப்டிலும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து இரண்டு வரி எழுதிவைப்பது வெறும் சடங்காகிவிடக் கூடாது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு. நம் மருத்துவமனைகளில் அதிகம் சறுக்குவது இந்தக் கட்டத்தில்தான் என்பது என் கணிப்பு. பில் கட்டும் அவசரத்தில், வாசலில் கார் நிற்கும்போது, மாத்திரைப் பையைக் கையில் கொடுத்து “நேரத்துக்குச் சாப்பிடுங்க, உப்பு, எண்ணெய் குறைங்க” என்று முடித்துவிடுகிறோம். அறிவுரை முந்தின நாளே தொடங்க வேண்டும். சமைப்பவரும் கூட உட்கார வேண்டும். சொல்ல வேண்டியவை பத்து இருந்தாலும், உயிரைக் காப்பவை இரண்டு மூன்றுதான். அவற்றை முதலில் சொல்ல வேண்டும்.

“அய்யா, இந்த ரெண்டு மாத்திரை ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையாம பாத்துக்குது. ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும். ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடக் கூடாது. நான் சரியாச் சொன்னேனான்னு தெரியணும். பல்லு புடுங்கப் போறீங்க, அங்க மாத்திரைய நிறுத்தச் சொல்றாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?”

“ஒரு நாலு நாளைக்கு நிறுத்திக்குவனுங்க.”

இந்தப் பதில் கிடைத்ததுதான் நல்லது. ‘புரிஞ்சுதா’ என்று கேட்டிருந்தால் “புரிஞ்சுதுங்க” என்று தலையாட்டியிருப்பார். புது ஸ்டென்ட்டில் இந்த மாத்திரைகளை நிறுத்தினால் சில நாட்களிலேயே அது முழுதாக அடைத்துக்கொள்ளக்கூடும். பல் மருத்துவரோ வேறு யாரோ சொன்னாலும், இதய மருத்துவரிடம் பேசாமல் நிறுத்தக் கூடாது என்று மீண்டும் சொல்லி, மீண்டும் கேட்க வேண்டும். சரியாகச் சொல்லும் வரை கேட்க வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் ஆகாது. வயிற்றில் இரத்தம் கசியவைக்கும், இதயத்துக்கும் கெடுதல். மலம் தார்போல் கறுத்தால் உடனே வர வேண்டும்.

ராமிப்ரில் சாப்பிடத் தொடங்கியபின் வறட்டு இருமல் வந்தால், நிறுத்திவிட்டு உட்காராமல் மருத்துவரிடம் வந்து மாற்று மருந்து கேட்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இருமலுக்குப் பயந்து மொத்தப் பையையும் மூலையில் வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

சார்பிட்ரேட்டும் பையில் இருக்கிறது. இப்போது அழுத்தம் 118-ல் நிலைத்துவிட்டது. மருத்துவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். நெஞ்சு அடைத்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். நின்றுகொண்டு வைத்தால் தலைசுற்றி விழலாம். ஐந்து நிமிடத்தில் அடங்கவில்லையென்றால் 108. சொந்தக் கார் இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. பக்கத்து வீட்டாருக்குத் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. அது ஏன் என்று அந்த அம்மாவுக்கு இப்போது தெரியும்.

நடையைப் பற்றி: முதல் வாரம் வீட்டைச் சுற்றி சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். தறிக் கூடத்துக்கு எப்போது போகலாம் என்பதை மறுபரிசோதனையில் மருத்துவர் சொல்வார். இவர் கேட்கத் தயங்கிய கேள்வியைச் செவிலியரே எடுத்துச் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்காமல், நெஞ்சு அடைக்காமல் இரண்டு மாடிப் படி ஏற முடிந்தால் தாம்பத்திய உறவில் பெரும்பாலும் ஆபத்தில்லை. அந்த மாத்திரைகளை மட்டும் கேட்காமல் சாப்பிடக் கூடாது. சார்பிட்ரேட் கையில் இருக்கும்வரை இரண்டும் சேரவே கூடாது. பீடியைப் பற்றி நீண்ட பிரசங்கம் வேண்டியதில்லை. “ஐந்து நாளாகப் பிடிக்கவில்லை. ஆறாவது நாள் வீட்டில் யார் வாங்கிக்கொண்டு வருவார்கள்?” என்று கேட்டால் உரையாடல் சரியான இடத்திலிருந்து தொடங்கும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை அந்த அம்மாவிடம் பேச வேண்டும்.

கடைசியாக இரண்டு காகிதங்கள். ஒன்று, வீட்டுக்குப் போகும் நாளில் எடுத்த ஈசிஜி. மாரடைப்புக்குப் பிறகு வரைபடம் முழுதும் பழையபடி ஆகாமல் போகலாம். அடுத்த முறை நெஞ்சுவலி என்று எந்த மருத்துவமனைக்குப் போனாலும், ‘இது பழைய மாற்றமா, புதிதா’ என்ற கேள்விக்கு இதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். அதைத் தம்பி மகனின் செல்போனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இன்னொன்று, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றிய தேதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்பது. ஒருமுறை ஏற்றியவர் உடம்பில் அதற்கு எதிரான பொருட்கள் உருவாகி ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். இரண்டாம் முறை கொடுத்தால் வேலை செய்யாமல் போகலாம், ஒவ்வாமையும் வரலாம். அடுத்த முறை அப்படி ஒரு தேவை வந்தால் டெனெக்டிப்ளேஸ் போன்ற வேறு மருந்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒரு வரி சம்மரியில் இல்லையென்றால், நோயாளி கிளம்புவதற்கு முன் எழுதி வாங்கிவிட வேண்டும்.